ஒரே நாள்ல ரெண்டு தடவ தங்கம் ரேட் மாறுனது ஏன்? புதன்கிழமை கடைக்கு வந்தவங்க கேட்டதும் எங்க பதிலும்

"அண்ணே, காலைல போர்டுல 11,000னு இருந்துச்சு, நாலு மணிக்கு வந்தா 10,880ன்னு இருக்கு. நடுவுல யாரு மாத்துனா?"

போர்டுல அழிச்சு எழுதுனது நம்ம கடைப் பையன்தான், ஆனா நம்பர் நம்மளது இல்ல. செவ்வாய்க்கிழமை 22 கேரட் கிராம் 10,930ல முடிஞ்சுச்சு. புதன் காலைல ஒம்பதரை மணி வாக்குல சென்னையில இருக்க நகை வியாபாரிகள் சங்கத்துல இருந்து 11,000னு ரேட் வந்துச்சு, அது வாட்ஸப்ல சுத்தி நம்ம ஊரு கடைக்காரங்க குரூப்புக்கு வந்ததும் போர்டுல எழுதுனோம். மதியம் 3.40க்கு அதே வழியா 10,880ன்னு திருத்தி வந்துச்சு, திரும்ப மாத்துனோம். (பைசா சில்லறையெல்லாம் விட்டுட்டு ரவுண்டா சொல்றேன், கணக்கு போட ஈசியா இருக்கும்னு.)

ஆக மொத்தம் முத நாளோட பாத்தா காலைல பவுனுக்கு 560 ஏறுச்சு, காலை ரேட்டோட பாத்தா மதியம் 960 இறங்குச்சு. நம்ம மதுரை தெற்கு ஆவணி மூல வீதில அன்னிக்கு எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் கொஞ்சம் முன்னப்பின்ன இதே நேரத்துலதான் போர்டு மாறியிருக்கும். கவர்மென்ட் தங்கத்துக்கு இதுதான் விலைன்னு எதுவும் போடுறது இல்ல, அவங்க போடுறது இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் மட்டும்தான். சங்கத்து ரேட்டுலதான் விக்கணும்னு சட்டமும் கிடையாது, ஆனா ஆளாளுக்கு ஒரு ரேட் போட்டா மக்கள் எத நம்புறதுன்னு இருக்கும்ல, அதனால தமிழ்நாட்டுல பெரும்பாலும் எல்லாரும் அதையே எடுத்துக்கிறோம்.

"முன்னெல்லாம் காலைல ஒரு ரேட்டுதான, இப்ப என்ன புதுசா மதியமும்?"

காலை ரேட்டும் மதிய ரேட்டும் வேற வேற நேரத்துல நடந்த வியாபாரத்தோட பலன், அத முதல்ல பிரிச்சுப் பாக்கணும்.

உலகத்துல தங்கத்த டாலர்ல, அவுன்ஸ் கணக்குல விலை பேசுறாங்க. தங்கத்துக்கு ஒரு அவுன்ஸ்னா 31.1 கிராம். லண்டன், நியூயார்க் ரெண்டும்தான் பெரிய சந்தை. நியூயார்க்ல வியாபாரம் சூடு பிடிக்கிறது நமக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, அமெரிக்காவுல வேலைவாய்ப்பு கணக்கு, விலைவாசி கணக்குன்னு அறிவிப்பாங்களே அதெல்லாம் அவங்க கோடை நேரப்படி நமக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும், குளிர்காலத்துல ஏழு, கீழ சொல்ற மத்த நேரமும் இதே கோடைக் கணக்குதான். அங்க வட்டி முடிவு சொல்ற அன்னிக்கு நமக்கு ராத்திரி பதினொன்னரை, நாம தூங்கிருப்போம். இப்படி ராத்திரி பூரா நடந்ததெல்லாம் சேந்துதான் மறுநாள் காலை ரேட்டா வருது.

அப்புறம் நம்ம மதியம் பன்னெண்டரை, ஒரு மணிக்கு லண்டன்ல காலைல கடை திறக்கிறாங்க. மூணு மணிக்கு, அதாவது அவங்க பத்தரைக்கு, அங்க ஏலம் மாதிரி ஒண்ணு நடத்தி ஒரு விலை முடிவு பண்ணுவாங்க, சாயங்காலம் ஏழரைக்கு இன்னொரு தடவ நடக்கும். ஒம்பதரைக்கு ரேட் போட்டதுக்கும் மூணு மணிக்கும் நடுவுல லண்டன் விலை லேசா அசைஞ்சா சங்கம் கண்டுக்காது, பெருசா அசைஞ்சா திருத்தும். புதன்கிழமை அவுன்ஸுக்கு நாப்பது டாலருக்கு மேல இறங்கிருச்சு, அதான் ரெண்டாவது ரேட்.

முன்னெல்லாம் இது கம்மியா இருந்ததுக்குக் காரணம் விலையே கம்மியா இருந்தது. அவுன்ஸ் 1,200 டாலர் இருந்தப்ப ஒரு சதவீதம் ஆடுனா 12 டாலர், 4,000 டாலர் இருக்கப்ப அதே ஒரு சதவீதம் 40 டாலர். ஆட்டம் அதேதான், நம்ம போர்டுல தெரியுற ரூபா பெருசாயிருச்சு.

"டாலர் நாப்பது இறங்குனா நமக்கு 120 எப்படி வரும்? சும்மா வாய்க்கு வந்தத போடுறீங்களா?"

இத ஒரு தடவ போட்டுப் பாத்துட்டா அப்புறம் நீங்களே போர்டு எழுதலாம். ஒரு அவுன்ஸ் 4,000 டாலர், ஒரு டாலர் 88 ரூபான்னு வச்சுக்குவோம். பெருக்குனா 3,52,000 ரூபா. அவுன்ஸோட துல்லியக் கணக்கு 31.1035 கிராம், அதால வகுத்தா சொக்கத் தங்கம் ஒரு கிராம் 11,317 சொச்சம். இதுக்கு மேல இறக்குமதி வரி, 2024 ஜூலைல பதினஞ்சுல இருந்து ஆறு சதவீதமா குறைச்சாங்களே அந்த ஆறையே வச்சு போட்டா 11,996 வரும். இது 24 கேரட். நம்ம நகை 22 கேரட், 916, அதாவது நூத்துக்கு 91.6 பங்குதான் தங்கம், அதால பெருக்குனா 10,988. போர்டு ரேட் இதுக்குப் பக்கத்துலதான் நிக்கும், மொத்தமா தங்கக் கட்டி விக்கிற புல்லியன்காரங்க கமிஷன், ஊருக்குள்ள எம்புட்டு டிமாண்ட் இருக்குங்கிறத பொறுத்து அஞ்சு பத்து முன்னப்பின்ன.

இதே வழில போட்டுப் பாத்தீங்கன்னா அவுன்ஸுக்கு 10 டாலர் ஏறுனாலோ இறங்குனாலோ நம்ம 22 கேரட்ல கிராமுக்கு 27 ரூபா 50 பைசா, பவுனுக்கு 220 ரூபா. இந்த 220 நம்பர மட்டும் மனசுல வச்சுக்கங்க போதும். புதன்கிழமை 44 டாலர் வாக்குல இறங்குச்சு, 220 பெருக்கல் 4.4, பவுனுக்கு 968 வருது, போர்டுல 960 இறங்கியிருக்கு.

இன்னொண்ணு, தங்கம் அசையாம இருந்தாலும் ரூபா அசைஞ்சா ரேட் மாறும். டாலர் 88ல இருந்து 88 ரூபா 50 பைசா ஆச்சுன்னா அதுக்கே பவுனுக்கு 500 ரூபா கிட்ட ஏறிரும். சில நாள் டிவில தங்கம் உலகச் சந்தையில இறங்குச்சுன்னு சொல்லுவாங்க, நம்ம போர்டு இறங்கியிருக்காது, வந்து சண்டைக்கு நிப்பாங்க, பாத்தா அன்னிக்கு ரூபா விழுந்திருக்கும்.

"நான் காலைல பத்தே முக்காலுக்கு ரெண்டு பவுன் சங்கிலி வாங்குனேன். சாயங்காலம் வாங்குனவங்களுக்கு கம்மி. எனக்கு வித்தியாசத்த திருப்பிக் குடுங்க."

இந்தக் கேள்விக்காகத்தான் இம்புட்டும் எழுத உக்காந்தேன். கேட்டது மேலூர்ல இருந்து வந்த ஒரு அக்கா, மக கல்யாணத்துக்கு வாங்குனாங்க, அவங்க கோபம் நியாயம்தான், அதனால பில்லையே எடுத்து வச்சு சொல்றேன்.

16 கிராம், கிராம் 11,000, தங்கத்துக்கு 1,76,000. சேதாரம் செய்கூலி எல்லாம் சேத்து 10 சதவீதம், 17,600. ரெண்டும் சேந்து 1,93,600. அதுக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 5,808. ஹால்மார்க்குக்கு ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதுக்கு வரியும் சேத்து 53 ரூபா 10 பைசா. மொத்தம் 1,99,461 ரூபா 10 பைசா. இதே சங்கிலிய நாலு மணிக்கு எடுத்திருந்தா 1,97,285 ரூபா 74 பைசா. வித்தியாசம் 2,175 ரூபா. போர்டுல கிராமுக்கு 120 தான குறைஞ்சுச்சு, 16 கிராமுக்கு 1,920 தான வரணும்னு அக்கா சரியா கேட்டாங்க, சேதாரமும் ஜிஎஸ்டியும் சதவீதத்துல போடுறதால ரேட் இறங்குனா அதுவும் கூடவே இறங்கும், அதுதான் மேல வர்ற 255.

சரி, இந்த 2,175 எங்க போச்சு? எங்க கல்லாவுல இருக்கான்னா இல்ல. அதுக்கு நாங்க வியாபாரம் பண்ற விதத்த சொல்லணும்.

நகைக்கடைக்காரன் ரூபாயில கணக்கு பாக்க மாட்டான், கிராம்ல பாப்பான். கடைல ஒரு கிலோ நகை இருக்குன்னா வருஷக் கடைசியிலயும் ஒரு கிலோ இருக்கணும், அதுக்கு மேல இருக்கது லாபம், கம்மியானா நஷ்டம். அதனால ஒரு நகை வித்ததும் அந்த எடைக்கு தங்கத்த திரும்ப எடுத்து வைக்கணும். நமக்கு சங்கிலி செஞ்சு குடுக்கிறவங்ககிட்ட நாங்க காசு குடுத்து வாங்குறது கிடையாது, தங்கக் கட்டி குடுத்துத்தான் நகை வாங்குறோம். 100 கிராம் 22 கேரட் சங்கிலி வேணும்னா டிசைன பொறுத்து 94, 95 கிராம் சொக்கத் தங்கம் குடுக்கணும். அதுல 91.6 நகைக்குள்ள இருக்க தங்கம், மிச்சம் அவங்க கூலியும் தேய்மானமும். அந்தக் கட்டிய நாங்க புல்லியன் கடைல வாங்கணும். அங்க காலை ரேட், மதிய ரேட்டுன்னு கிடையாது, நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடிக்கிட்டே இருக்கும், நாம போன் பண்ணி "ஃபிக்ஸ் பண்ணிக்கங்க"ன்னு சொல்ற அந்த நொடில என்ன விலையோ அதுதான் நமக்கு.

புதன்கிழமை பதினொன்னரைக்குள்ள அக்காவோட சங்கிலி, ஒரு ஜோடி ஜிமிக்கி, ஒரு பிரேஸ்லெட், ரெண்டு மோதிரம்னு 53 கிராம் வித்துருச்சு. அத ஈடுகட்ட 50 கிராம் கட்டி வேணும். 11.40க்கு போன் பண்ணி 50 கிராம் ஃபிக்ஸ் பண்ணுனேன், கிராம் 12,000 கிட்ட, ஆறு லட்சம் ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. அக்கா குடுத்த பணம் அன்னிக்கு காலை விலைக்கே தங்கமா மாறிருச்சு. நாலு மணிக்கு நான் அந்த வித்தியாசத்த திருப்பிக் குடுத்தா புல்லியன்காரர் எனக்குத் திருப்பிக் குடுக்கணும், அவர் அவருக்கு வித்தவங்ககிட்ட கேக்கணும், அது லண்டன் வரைக்கும் போகும், யாரும் குடுக்க மாட்டாங்க.

"அப்ப நீங்க மதியம் வரைக்கும் காத்திருந்து ஃபிக்ஸ் பண்ணிருக்கலாம்ல"ன்னு அக்கா கூட வந்த தம்பி கேட்டாரு. காத்திருந்தா 50 கிராமுக்கு 6,500 ரூபா கிட்ட மிச்சம், உண்மைதான். ஆனா அது இறங்குச்சுன்னு நாலு மணிக்குத்தான தெரியும், பதினொன்னரைக்கு யாருக்குத் தெரியும்? ஏறியிருந்தா அதே 6,500 கையில இருந்து போயிருக்கும். எங்க அப்பா காலத்துல தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் இப்படித்தான் "நாளைக்கு இறங்கும், நாளைக்கு எடுப்போம்"னு வித்த நகைக்குக் கட்டி எடுக்காம விட்டுக்கிட்டே இருந்தாரு, ஏறிக்கிட்டே போச்சு, அரைக் கிலோ குறைஞ்சப்ப கடைய மூடிட்டாரு. அதுலருந்து எங்க கடைல சட்டம், அன்னிக்கு வித்தது அன்னிக்கே எடுக்கணும்.

"பெரிய கடைல எல்லாம் ரேட் குறைஞ்சா குறைஞ்ச ரேட், ஏறுனா பழைய ரேட்டுன்னு குடுக்குறாங்களே, நீங்க ஏன் குடுக்க மாட்டேங்குறீங்க?"

குடுக்குறாங்க, பொய் சொல்லல. அட்வான்ஸ் கட்டுனா புக் பண்ணுன ரேட், எடுக்கிற அன்னிக்கு ரேட், ரெண்டுல எது கம்மியோ அதுன்னு விளம்பரமே வருது. அதுல யாரோ ஒருத்தர் அந்த ஆட்டத்த சுமக்கணும்ல. பெரிய கடைகளுக்கு எம்சிஎக்ஸ்ங்கிற முன்பேரச் சந்தையில கணக்கு இருக்கு, தங்கத்த கையில எடுக்காமலே விலைய மட்டும் பூட்டி வைக்க முடியும், பேங்க்ல தங்கத்தையே கடனா வாங்கி வித்த அன்னிக்கு விலை முடிவு பண்ற வசதியும் இருக்கு, அதுக்கு ஆகுற செலவ ஆயிரம் பில்லுல பரப்பி விட்டுருவாங்க. பரப்புற இடம் சேதாரம்தான். அங்க அதே டிசைனுக்கு சேதாரம் எத்தன சதவீதம்னு கேட்டுப் பாருங்க, பதினாலு பதினெட்டுன்னா அதுக்குள்ள இதுவும் இருக்கும்னு நினைக்கிறேன்.

எம்சிஎக்ஸ்ல நாங்களும் பண்ணலாமேன்னா, எங்க வியாபாரம் ஒரு நாளைக்கு 50 கிராம், நல்ல முகூர்த்த சமயத்துல 150. அதுக்கு மார்ஜின் பணம் போட்டு ராத்திரி பதினொன்னரை வரைக்கும் ஸ்கிரீன பாத்துக்கிட்டு உக்கார எனக்கு ஆள் இல்ல, எனக்கே பத்து மணிக்கு மேல கண்ணு சொக்கிரும்.

நம்ம கடைல அட்வான்ஸ் முறை இதுதான். எம்புட்டு பணம் கட்டுறீங்களோ அந்தப் பணத்துக்கு அன்னிக்கு ரேட்ல எத்தன கிராம் வருதோ அந்த கிராம் உங்களது. 1,10,000 கட்டுனீங்கன்னா 11,000 ரேட்ல 10 கிராம் பூட்டியாச்சு, அன்னிக்கே அதுக்கு கட்டி எடுத்துருவோம். அப்புறம் ஏறுனாலும் உங்களுக்கு அதே 10 கிராம்தான், இறங்குனாலும் 10 கிராம்தான். 16 கிராம் நகை எடுத்தா மிச்சம் 6 கிராமுக்கு எடுக்கிற அன்னிக்கு ரேட். 5,000 ரூபா டோக்கன் குடுத்துட்டு பத்து பவுனுக்கு ரேட் பூட்டச் சொல்லாதீங்க, டோக்கன் நகைய எடுத்து வைக்க மட்டும்தான், ரேட்டுக்கு இல்ல. இத ரசீதுலயும் எழுதியிருக்கு, சின்ன எழுத்துல இருந்துச்சு, இந்த மாசத்துல இருந்து பெருசா அடிச்சிருக்கோம்.

"நகைய பாத்து, எடை போட்டு, பில்லு போடுறப்ப ரேட் மாறுனா எந்த ரேட்டு?"

புதன்கிழமை இது நெசமாவே நடந்துச்சு. 3.40க்கு மெசேஜ் வந்தப்ப கடைல மூணு பேரு இருந்தாங்க. ஒருத்தருக்கு பில்லு அடிச்சு பணமும் கட்டியாச்சு, அவருக்குக் காலை ரேட்டு. ஒருத்தருக்கு பில்லு அடிச்சாச்சு, இன்னும் பணம் கட்டல, அவருக்கு புது ரேட்டுல திரும்ப அடிச்சுக் குடுத்தோம். இன்னொருத்தர் எடை போட்டுக்கிட்டு இருந்தாரு, அவருக்கும் புது ரேட்டு.

இறங்குனப்ப மட்டும் இப்படி நல்ல பேரு எடுத்துட்டு ஏறுனா வேற மாதிரி பேசக்கூடாதுல்ல, அதனால ஏறுற நாளைக்கும் முறைய சொல்லிர்றேன். எடை போட்டு ரேட் சொல்லி நீங்க சரின்னுட்டீங்கன்னா அரை மணி நேரத்துக்கு அந்த ரேட்டு உங்களுக்கு, நடுவுல ஏறுனாலும் நாங்க ஏத்த மாட்டோம். அரை மணி நேரம்னு வச்சதுக்குக் காரணம் இருக்கு, "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்"னு போயி ஜிகர்தண்டா குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரேட் ஏறுனத பாத்துட்டு ஓடி வர்றவங்களும் இருக்காங்க.

பில்லுல தேதி மட்டுமில்ல, நேரமும் விழும், கிராம் ரேட்டும் தனியா விழும். வாங்குன உடனே போர்டுல இருக்க ரேட்டும் பில்லுல இருக்க ரேட்டும் ஒண்ணான்னு பாத்துக்கங்க, போன்ல போர்ட படம் எடுத்துக்கிட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. எந்தக் கடைலயாவது பில்லுல ரேட்டும் எடையும் பிரிச்சுப் போடாம மொத்தமா ஒரு தொகை போட்டிருந்தா, ரேட் மாறுன நாள்ல உங்களுக்கு எந்த ரேட் போட்டாங்கன்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது.

"பழைய நகைய போட்டு புதுசு எடுத்தேன். பழசுக்கு மட்டும் குறைஞ்ச ரேட்டு போட்டுட்டீங்களா?"

இல்ல, மாத்து நகைக்கு பழசுக்கும் புதுசுக்கும் ஒரே நேரத்து ரேட்டுதான். பழச உருக்கி, தங்கம் எத்தன சதவீதம் இருக்குன்னு பாத்து, அந்த எடைக்கு அன்னேரத்து ரேட்டு போடுவோம். காலைல பழச குடுத்துட்டு சாயங்காலம் புதுசு எடுக்கிறவங்களுக்கு மட்டும்தான் குழப்பம் வரும், அவங்களுக்கு நாங்க சொல்றது, காலைல உருக்குனதும் ரூபாயா போட வேணாம், இத்தன கிராம் 916னு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. கிராமுக்கு கிராம் கழிஞ்சிரும், நடுவுல ரேட் எங்க போனாலும் உங்களுக்குக் கவல இல்ல.

யாருக்கு இறக்கம் நல்லது, யாருக்கு இல்லங்கிறதும் இதுல தெரியும். 16 கிராம் பழசு போட்டு 24 கிராம் புதுசு எடுத்தா நீங்க நெசமா வாங்குறது 8 கிராம்தான், ரேட் இறங்குனா அந்த 8 கிராமுக்கு லாபம். அதுவே 24 கிராம் பழசு குடுத்து 16 கிராம் எடுத்துட்டு மிச்சத்துக்கு காசு கேட்டா நீங்க விக்கிறவங்க, இறங்குனா உங்களுக்கு நட்டம். புதன்கிழமை ரேட் இறங்கிருச்சேன்னு சந்தோசமா ஓடி வந்த ஒரு பெரியவருக்கு இத விளக்கிச் சொன்னதும் முகம் வாடிப்போச்சு, மறுநாள் வர்றேன்னு பையோட கிளம்பிட்டாரு.

"கூகுள்ல வேற ரேட் காட்டுதே?"

நாலு விஷயத்துல ஒண்ணுதான் இருக்கும். அது 24 கேரட்டா இருக்கும். இல்ல 10 கிராமுக்கு இருக்கும். இல்ல மும்பை ரேட்டா இருக்கும். இல்லாட்டி வரி சேக்காத உலக விலையா இருக்கும். பெரும்பாலும் முத ரெண்டு.

"சனிக்கிழமை வாங்குனா இந்தத் தொல்லை இருக்காதா?"

பாதி சரி. உலகச் சந்தை நியூயார்க்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடுது, நமக்கு அது சனிக்கிழமை விடியக்காலை ரெண்டரை. திரும்பத் திறக்கிறது திங்கக்கிழமை விடியக்காலை மூணரை. அதனால சனிக்கிழமை காலைல வர்ற ரேட்டு வழக்கமா ஞாயித்துக்கிழமையும் அப்படியே நிக்கும், மதியம் மாறுறது அபூர்வம். ஆனா அந்த ரெண்டு நாள்ல உலகத்துல எங்கயாவது சண்டை கிண்டைன்னா அதெல்லாம் சேத்து திங்கக்கிழமை காலைல ஒரே குதியா வரும். ஆட்டம் வேணாம், நிதானமா நாலு டிசைன் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க. அட்சய திருதியைக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அன்னிக்கு கடையவே விடியறதுக்குள்ள திறக்கிறோம், ரேட்டும் அதுக்கேத்த மாதிரி சீக்கிரமே வந்துரும், மாறவும் செய்யும்.

"இதவிட மோசமா மாறுன நாள் இருக்கா?"

2024 ஜூலை 23, பட்ஜெட் நாள். லண்டன்லயோ நியூயார்க்லயோ ஒண்ணுமே நடக்கல, டெல்லில நிதியமைச்சர் பேசிக்கிட்டு இருக்கப்பவே இறக்குமதி வரி பதினஞ்சுல இருந்து ஆறாகுதுன்னு வந்துச்சு, மதியத்துக்குள்ள பவுனுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல இறங்கிருச்சு. அன்னிக்கு காலைல வாங்கிட்டுப் போனவங்க சாயங்காலம் வந்து நின்னாங்க, அவங்களுக்கும் இதே பதில்தான் சொன்னேன், ஆனா சொல்றதுக்கு எனக்கே சங்கடமா இருந்துச்சு. எங்களுக்கு மட்டும் லாபமான்னா, பதினஞ்சு சதவீதம் வரி கட்டி வந்த தங்கம்தான் கண்ணாடிப் பெட்டி பூரா இருந்துச்சு, கிலோவுக்கு ரெண்டரை லட்சம் மதிப்பு ஒரே மத்தியானத்துல கரைஞ்சுச்சு. கிராம் கணக்குல குறையல, அதனால தாங்கிக்கிட்டோம். கடன் வாங்கி சரக்கு போட்டிருந்தவங்க பாடுதான் திண்டாட்டம்.

"கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டா ரேட் சொல்லுவீங்களா?"

தாராளமா சொல்லுவோம். ஒம்பதரைக்கு முன்னாடி கேட்டா முத நாள் ரேட்டுதான் சொல்ல முடியும், அத இன்னிக்கு ரேட்டுன்னு எடுத்துக்கிட்டு வராதீங்க. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்னு தூரத்துல இருந்து பஸ் ஏறி வர்றவங்க பத்து மணிக்கு ஒரு தடவ கேட்டுக்கங்க, மதியத்துக்கு மேல கிளம்புறதா இருந்தா மூணரை, நாலு மணிக்கு இன்னொரு தடவ கேட்டுக்கங்க. போன்ல சொல்ற ரேட்டு தகவலுக்குத்தான், கடைக்கு வந்து எடை போட்டதும்தான் அந்த அரை மணி நேரக் கணக்கு ஆரம்பிக்கும். மேலூர் அக்காவுக்கு 2,175 குடுக்க முடியல, மக கல்யாணத்துக்கு தாலிக் குண்டு, காசு கோக்கிற வேலைய கூலி வாங்காம செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கேன், "யோசிச்சு சொல்றேன்"னுட்டுப் போயிருக்காங்க.